ஒவ்வொரு வரிசையிலும் காலியாக இல்லாத முதல் மதிப்பை எடுப்பது எப்படி: எக்செல் வழிகாட்டி

ஒரே தகவலுக்குப் பல நெடுவரிசைகள் இருக்கும் அட்டவணையை எக்செல்லில் கையாளும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தத் தேவை வந்துவிடும். ஒரு பணி முடிய வேண்டிய நாளைக் குறிக்க நான்கு நெடுவரிசைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் உறுதியான நாளும், அது தெரியாதபோது இரண்டாவதில் திருத்திய நாளும், அதுவும் இல்லாதபோது மூன்றாவதில் திட்ட நாளும், நான்காவதில் வெறும் உத்தேச நாளும் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு பணிக்கும் இவற்றுள் எது கிடைக்கிறதோ, அதிலும் எது அதிக நம்பகமானதோ, அந்த ஒரு நாளை மட்டும் தனி நெடுவரிசையில் காட்ட வேண்டும். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போய், காலியாக இல்லாத முதல் கட்டத்தில் நின்று, அங்கே உள்ளதை எடுத்து வருவதே நாம் எக்செல்லிடம் கேட்கும் வேலை.

இதற்கான சூத்திரம் குறுகியதுதான். அதை எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் முழுவதும் “காலி” என்பதை எக்செல் எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. கண்ணுக்குக் காலியாகத் தெரியும் கட்டங்களில் குறைந்தது நான்கு வகைகள் உள்ளன. நாம் எழுதும் சூத்திரம் அவற்றுள் சிலவற்றை மட்டும் காலி என்று கருதி, மற்றவற்றை மதிப்புகள் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி நேரும்போது பிழைச் செய்தி எதுவும் வராமல் விடைக் கட்டம் வெறுமையாக நிற்பதால், தவறு நடந்ததே தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் ஒரு சிறிய அட்டவணையை எடுத்துக்கொண்டு, அதில் இந்த நான்கு வகைகளையும் வேண்டுமென்றே வைத்து, சூத்திரத்தை ஒவ்வொரு படியாகச் சரிசெய்துகொண்டே போவோம்.

## பயிற்சி அட்டவணை

தலைப்புகள் முதல் வரிசையிலும் பணிகள் 2 முதல் 7 வரையிலான வரிசைகளிலும் இருக்கட்டும். நாள்கள் நாள்-மாதம்-ஆண்டு என்ற முறையில் எழுதப்பட்டுள்ளன.

| வரிசை | A: பணி | B: உறுதியான நாள் | C: திருத்திய நாள் | D: திட்ட நாள் | E: உத்தேச நாள் |
|---|---|---|---|---|---|
| 2 | பணி 1 | 15-03-2023 | | 10-03-2023 | |
| 3 | பணி 2 | | 20-03-2023 | 18-03-2023 | |
| 4 | பணி 3 | | (சூத்திரம்) | 02-04-2023 | 30-03-2023 |
| 5 | பணி 4 | (இடைவெளி) | | 11-04-2023 | |
| 6 | பணி 5 | | | | |
| 7 | பணி 6 | (ஒட்டிய இடைவெளி) | | | 28-04-2023 |

அடைப்புக்குறிக்குள் உள்ளவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டாம். அவை அந்தக் கட்டங்களில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கான குறிப்புகள் மட்டுமே. C4 கட்டத்தில் வேறொரு தாளிலிருந்து நாளைக் கொண்டுவரும் பின்வரும் சூத்திரத்தை எழுதுங்கள். இதற்கு `Sheet2` என்ற பெயரில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதன் B4 கட்டம் காலியாக இருக்கட்டும்.

```
=IF(Sheet2!B4="","",Sheet2!B4)
```

அந்தத் தாளில் நாள் இல்லாததால் C4 எதையும் காட்டாது. B5 கட்டத்தில் இடைவெளி விசையை ஒருமுறை அழுத்தி Enter கொடுங்கள். கட்டத்தை அழிக்க Delete விசைக்குப் பதிலாக இடைவெளி விசையைத் தட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அதன் விளைவு இதுவே. B7 கட்டத்தில் `=UNICHAR(160)` என்று எழுதி, அதே கட்டத்தை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் திரும்ப ஒட்டுங்கள். வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வந்துவிடுகிற, வரி முறியாத இடைவெளி எழுத்து இதுதான். மற்ற வெற்றுக் கட்டங்களில் எதையும் செய்ய வேண்டாம். அவை உண்மையிலேயே காலியானவை.

இப்போது தாளைப் பார்த்தால் C4, B5, B7 ஆகிய மூன்றும் பக்கத்தில் உள்ள காலிக் கட்டங்களிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டுத் தெரியாது. நாம் எதிர்பார்க்கும் விடைகள் தெளிவானவை: பணி 1-க்கு 15-03-2023, பணி 2-க்கு 20-03-2023, பணி 3-க்கு 02-04-2023, பணி 4-க்கு 11-04-2023, பணி 5-க்கு எதுவும் இல்லை, பணி 6-க்கு 28-04-2023.

## முதலில் இடத்தைக் கண்டுபிடித்தல்

இணையத்தில் கிடைக்கும் சூத்திரங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே வரியில் செய்து முடிக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் அதை இரண்டாகப் பிரிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதல் காலியற்ற கட்டம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கான விடையை F நெடுவரிசையில் எண்ணாக வைத்துக்கொண்டால், சூத்திரம் எங்கே போய் நிற்கிறது என்பதை நேரடியாகப் பார்க்க முடியும். விடைக் கட்டம் வெறுமையாக இருக்கும்போது அதற்கான காரணத்தையும் அந்த எண்ணே சொல்லிவிடும்.

F1-இல் “இடம்” என்று தலைப்பிட்டு, F2-இல் இவ்வாறு எழுதுங்கள்.

```
=MATCH(FALSE,ISBLANK(B2:E2),0)
```

`ISBLANK` நான்கு கட்டங்களையும் தனித்தனியே பார்த்து, காலி என்றால் TRUE என்றும் இல்லையென்றால் FALSE என்றும் நான்கு விடைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தருகிறது. இரண்டாவது வரிசைக்கு அந்தப் பட்டியல் FALSE, TRUE, FALSE, TRUE என்று அமையும். `MATCH` அந்தப் பட்டியலில் முதல் FALSE எங்கே இருக்கிறது என்று தேடி, அதன் இட எண்ணாக 1 என்று சொல்கிறது. கடைசியில் உள்ள 0 துல்லியமான பொருத்தத்தைக் கோருவது. அதை விட்டுவிட்டால், பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று எக்செல் தானாகவே கருதிக்கொண்டு தவறான இடத்தைச் சொல்லும். எனவே அந்த 0-வை எப்போதும் எழுத வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021, அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஆகியவற்றில் Enter அழுத்தினால் போதும். எக்செல் 2019-லும் அதற்கு முந்தையவற்றிலும் இந்தச் சூத்திரத்தை Ctrl+Shift+Enter அழுத்தி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் உருவாகாமல் பிழையே வரும். சில வட்டார அமைப்புகளில் சூத்திரத்தின் உறுப்புகளைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி பயன்படுத்தப்படுகிறது. உங்கள் எக்செல் காற்புள்ளியை ஏற்காவிட்டால் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

F2-ஐ F7 வரை இழுத்து நிரப்பினால் 1, 2, 2, 1, #N/A, 1 என்ற விடைகள் வரும். முதலிரண்டும் சரியானவை. ஐந்தாவதும் சரியே, ஏனெனில் பணி 5-க்கு எந்த நாளும் இல்லை. எஞ்சிய மூன்றும் தவறு. பணி 3 மூன்றாவது இடத்தில் நின்றிருக்க வேண்டும், இரண்டாவதிலேயே நின்றுவிட்டது. பணி 4 மூன்றிலும் பணி 6 நான்கிலும் நின்றிருக்க வேண்டும், இரண்டுமே முதல் கட்டத்தைத் தாண்டவில்லை.

## காலிபோல் தோன்றும் கட்டங்களை அடையாளம் காணுதல்

சூத்திரத்தை மாற்றுவதற்கு முன், அந்த மூன்று கட்டங்களிலும் என்ன இருக்கிறது என்பதை எக்செல்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகத்துக்குரிய கட்டத்துக்கு இரண்டு சோதனைகள் போதுமானவை.

```
=ISBLANK(C4)
=LEN(C4)
```

உண்மையிலேயே காலியான கட்டத்துக்கு முதற்சோதனை TRUE என்றும் இரண்டாவது 0 என்றும் வரும். C4-க்கு முதலாவது FALSE, இரண்டாவது 0 என்று வரும். அதாவது கட்டத்தில் ஏதோ இருக்கிறது, ஆனால் அதன் நீளம் சுழியம். சூத்திரம் `""` என்ற வெற்றுச் சரத்தை விடையாகத் தந்திருப்பதே இதற்குக் காரணம். `ISBLANK` கட்டத்தில் எதுவுமே இல்லையா என்று மட்டுமே பார்ப்பதால், சூத்திரம் இருக்கும் எந்தக் கட்டத்தையும் அது காலி என்று ஏற்காது.

இதில் மிகவும் ஏமாற்றக்கூடிய நிலை ஒன்று உண்டு. அத்தகைய சூத்திரங்கள் உள்ள நெடுவரிசையை யாராவது நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டியிருந்தால், சூத்திரம் போய்விடும், வெற்றுச் சரம் மட்டும் கட்டத்தில் தங்கிவிடும். கட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சூத்திரப் பட்டையைப் பார்த்தாலும் அங்கே எதுவும் தெரியாது. ஆயினும் `ISBLANK` FALSE என்றே சொல்லும். பிறரிடமிருந்து வரும் கோப்புகளில் இந்த நிலையை நிறையவே காணலாம்.

B5, B7 ஆகிய இரண்டுக்கும் `LEN` 1 என்று காட்டும். அங்கே ஓர் எழுத்து இருக்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. எந்த எழுத்து என்பதை `UNICODE` சொல்லும்.

```
=UNICODE(LEFT(B7,1))
```

B5-க்கு இதே சோதனை 32 என்ற சாதாரண இடைவெளியின் எண்ணையும், B7-க்கு 160 என்ற வரி முறியாத இடைவெளியின் எண்ணையும் தரும்.

ஆயிரக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையில் கட்டம் கட்டமாகச் சோதிக்க முடியாது. நம் அட்டவணையைப் போல எல்லா மதிப்புகளும் நாள்களாகவோ எண்களாகவோ இருக்குமானால், மொத்தப் பரப்புக்கும் ஒரே கணக்கில் விடை பெறலாம்.

```
=COUNTA(B2:E7)-COUNT(B2:E7)
```

`COUNTA` எதுவாவது உள்ள எல்லாக் கட்டங்களையும் எண்ணுகிறது. `COUNT` எண்களை மட்டும் எண்ணுகிறது. எக்செல்லில் நாள்களும் எண்களே. நம் அட்டவணையில் முதலாவது 11, இரண்டாவது 8. வேறுபாடு 3 என்பது C4, B5, B7 ஆகிய மூன்று கட்டங்களையே குறிக்கிறது. விடை 0 என்றால், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எழுதிய சூத்திரமே உங்களுக்குப் போதும். 0 இல்லையென்றால், மறைந்திருக்கும் எழுத்துகளோ, நாள் போலத் தோற்றமளிக்கும் உரைகளோ, பிழை மதிப்புகளோ எங்கேனும் இருக்கின்றன என்று பொருள்.

அவை எங்கே இருக்கின்றன என்று கண்ணால் காண, B2:E7 பரப்பைத் தேர்ந்தெடுத்து F5 விசையை அழுத்தி, Special என்ற பொத்தானைச் சொடுக்கி, Blanks என்பதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான காலிக் கட்டங்கள் மட்டுமே தேர்வாகும். உடனே ஒரு நிறத்தைப் பூசினால், நிறம் பெறாமல் வெள்ளையாகவும் வெறுமையாகவும் நிற்பவை அனைத்தும் நாம் தேடும் கட்டங்களே.

## சோதனையைப் படிப்படியாகச் சரிசெய்தல்

முதல் திருத்தம் வெற்றுச் சரத்துக்கானது. `ISBLANK`-ஐ விட்டுவிட்டு, கட்டம் `""`-க்குச் சமமில்லையா என்று கேட்டால், உண்மையான காலியும் வெற்றுச் சரமும் ஒன்றாகவே கருதப்படும். F2-ஐ இவ்வாறு மாற்றுங்கள்.

```
=MATCH(TRUE,INDEX(B2:E2<>"",0),0)
```

இப்போது தேடுவது FALSE-ஐ அன்று, TRUE-ஐ என்பதைக் கவனியுங்கள். கேள்வி தலைகீழாகிவிட்டதால் தேடும் விடையும் மாறுகிறது. இடையில் உள்ள `INDEX(...,0)` பழைய பதிப்புகளுக்காகச் சேர்க்கப்பட்டது. அது உள்ளே இருக்கும் ஒப்பீட்டை நான்கு விடைகள் கொண்ட பட்டியலாகவே மதிப்பிடச் செய்வதால், Ctrl+Shift+Enter தேவைப்படாது. புதிய பதிப்புகளில் அது இல்லாமலும் சூத்திரம் இயங்கும். ஆனாலும் கோப்பு யாருடைய கணினியில் திறக்கப்படும் என்று தெரியாதபோது அதை வைத்திருப்பதே பாதுகாப்பானது.

கீழே நிரப்பினால் விடைகள் 1, 2, 3, 1, #N/A, 1 என்று மாறும். பணி 3 சரியாகிவிட்டது. இடைவெளிகள் உள்ள இரண்டு வரிசைகள் இன்னும் தவறாகவே இருக்கின்றன. அடுத்ததாக, ஒப்பிடுவதற்கு முன் `TRIM` கொண்டு சாதாரண இடைவெளிகளை நீக்குவோம்.

```
=MATCH(TRUE,INDEX(TRIM(B2:E2)<>"",0),0)
```

விடைகள் 1, 2, 3, 3, #N/A, 1 ஆகின்றன. பணி 4 தேறிவிட்டது. பணி 6 மட்டும் அப்படியே இருக்கிறது. `TRIM` 32 என்ற எண்ணுடைய இடைவெளியை மட்டுமே நீக்கும் என்பதே இதற்குக் காரணம். `CLEAN` என்ற சார்பைப் பயன்படுத்திப் பார்க்கத் தோன்றும்; ஆனால் அது 0 முதல் 31 வரையிலான அச்சிட முடியாத எழுத்துகளுக்கானது, 160-ஐத் தொடாது. அந்த எழுத்தை `SUBSTITUTE` மூலம் பெயர் சொல்லி நீக்க வேண்டும்.

```
=MATCH(TRUE,INDEX(TRIM(SUBSTITUTE(B2:E2,UNICHAR(160),""))<>"",0),0)
```

இப்போது 1, 2, 3, 3, #N/A, 4 என்று எல்லா இடங்களும் நாம் எதிர்பார்த்தபடியே அமைகின்றன. `UNICHAR` எக்செல் 2013 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளில் அதன் இடத்தில் `CHAR(160)` என்று எழுதலாம்.

இந்தத் தூய்மைப்படுத்தல் அனைத்தும் சோதனைக்குள் மட்டுமே நடக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். `TRIM` எந்த எண்ணைத் தொட்டாலும் அதை உரையாக மாற்றிவிடும். விடையையே `TRIM` வழியாக எடுத்திருந்தால் நாள்கள் உரையாகிப் பின்னர் கூட்டவோ கழிக்கவோ வரிசைப்படுத்தவோ முடியாமல் சிக்கல் தந்திருக்கும். நாம் இடத்தை மட்டுமே கேட்டதால், மூலக் கட்டங்களில் உள்ள மதிப்புகள் தங்கள் இயல்பை இழக்காமல் அப்படியே வந்து சேரும். இடத்தையும் மதிப்பையும் தனித்தனியே வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

## மதிப்பையும் அதன் மூலத்தையும் எடுத்தல்

G1-இல் “முடிவு நாள்” என்று தலைப்பிட்டு, G2-இல் பின்வருமாறு எழுதி G7 வரை நிரப்புங்கள்.

```
=IFNA(INDEX(B2:E2,F2),"")
```

பணி 1-க்கு 45000 என்று ஓர் எண் தெரிந்தால் திகைக்க வேண்டாம். எக்செல் நாள்களை 1900 ஜனவரி 1-ஐ 1 என்று கொண்டு எண்ணிவரும் வரிசை எண்ணாகவே சேமிக்கிறது, 15-03-2023 என்ற நாளின் எண் 45000. சூத்திரம் மதிப்பைக் கொண்டுவரும். மூலக் கட்டத்தின் வடிவமைப்பு அதனுடன் வரும் என்று நம்பியிருக்க முடியாது. G நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி நாள் வடிவத்தைக் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

பணி 5-க்கு இடமே கிடைக்காததால் F6-இல் #N/A நிற்கிறது. `IFNA` அதைப் பிடித்து G6-ஐ வெறுமையாக விடுகிறது. பலரும் இந்த இடத்தில் `IFERROR` எழுதுகிறார்கள். அது #N/A மட்டுமல்லாமல் தவறாகத் தட்டச்சு செய்த சார்புப் பெயர், நீக்கப்பட்ட கட்டத்தைச் சுட்டும் முகவரி முதலிய எல்லாப் பிழைகளையும் மூடிவிடும். “கிடைக்கவில்லை” என்ற ஒரே நிலையை மட்டும் மறைப்பதே நம் நோக்கம் என்பதால் `IFNA` தான் பொருத்தமானது. வெறுமையைவிட “நாள் இல்லை” என்ற சொற்கள் வாசிப்பவருக்கு உதவும் என்றால் கடைசி மேற்கோள் குறிகளுக்குள் அவற்றை எழுதலாம். ஆனால் G நெடுவரிசையை நேரடியாக வைத்துக் கழித்தல் போன்ற கணக்குகள் செய்வதாக இருந்தால், வெறுமையோ சொல்லோ எதுவாயினும் அந்த வரிசையில் #VALUE! வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இடம் ஏற்கனவே கையில் இருப்பதால், அந்த நாள் எந்த நெடுவரிசையிலிருந்து வந்தது என்பதையும் H நெடுவரிசையில் எளிதாகக் காட்டலாம்.

```
=IFNA(INDEX($B$1:$E$1,F2),"")
```

பணி 4-க்கு “திட்ட நாள்” என்றும் பணி 6-க்கு “உத்தேச நாள்” என்றும் வரும். உறுதியான நாளும் உத்தேச நாளும் ஒரே நெடுவரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, எது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை வாசிப்பவர் வேறு எப்படியும் அறிய முடியாது. என்னைக் கேட்டால் இந்த H நெடுவரிசையைத் தவிர்க்கவே கூடாது. `$` குறிகளை மறந்துவிட்டால் கீழே நிரப்பும்போது தலைப்பு வரிசையும் கூடவே இறங்கி, தலைப்புகளுக்குப் பதில் நாள்களின் எண்களைக் காட்டத் தொடங்கும்.

## சுழியமும் பிழை மதிப்புகளும்

நம் அட்டவணையில் இல்லாத இன்னொரு வகைக் காலி சுழியம். C4-இல் நாம் `IF` வைத்து எழுதியதற்கு மாறாக வெறுமனே `=Sheet2!B4` என்று எழுதியிருந்தால், மூலக் கட்டம் காலியாக இருக்கும்போது எக்செல் 0 என்று தரும். நாள் வடிவமைப்பில் அது 1900 ஜனவரியின் சுழியமாம் நாளாக, அதாவது 00-01-1900 என்று தெரியும். சுழியங்களை மறைக்கும் அமைப்பு இயங்கும் தாளில் எதுவுமே தெரியாது. நம் சூத்திரம் 0-வை ஒரு மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும், அப்படி எடுத்துக்கொள்வதுதான் முறையும்கூட. இருப்பு எண்ணிக்கை, மதிப்பெண் போன்ற அட்டவணைகளில் 0 என்பது உண்மையான தகவல். அதைத் தாண்டிப் போய் அடுத்த கட்டத்தை எடுத்தால் விடை பொய்யாகும். ஆகவே சுழியம் காலிக்குச் சமமா என்பதை அட்டவணையின் பொருளை அறிந்தவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நாள்களைப் போலச் சுழியத்துக்கு இடமே இல்லாத இடங்களில், மூலச் சூத்திரத்தை C4-இல் செய்தபடி `IF` கொண்டு திருத்துவதே சிறந்தது. மூலத்தை மாற்ற வழியில்லையென்றால் சோதனையில் இரண்டாவது நிபந்தனையைச் சேர்க்கலாம்.

```
=MATCH(1,INDEX((TRIM(B2:E2)<>"")*(B2:E2<>0),0),0)
```

இரண்டு நிபந்தனைகளும் உண்மையானால் மட்டுமே பெருக்கல் 1 தரும் என்பதால் இங்கே தேடுவது 1. 160 எண்ணுள்ள இடைவெளிகளும் இருக்கக்கூடுமானால் முன்பு போலவே `SUBSTITUTE` பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிழை மதிப்புகளின் கதை வேறு. வேறொரு தேடல் சூத்திரம் தோற்றுப்போய் B3-இல் #N/A நிற்கிறது என்று கொள்வோம். அதை `""`-உடன் ஒப்பிட்டாலும் #N/A தான் வரும். அது TRUE அல்ல என்பதால் `MATCH` அதைச் சத்தமின்றித் தாண்டிச் சென்று அடுத்த மதிப்பை எடுத்துவிடும். சில வேளைகளில் அதுவே நமக்கு வேண்டியதாக இருக்கலாம். ஆனால் உறுதியான நாள் வரவேண்டிய இடத்தில் பிழை நிற்க, அதை மறைத்துக்கொண்டு திருத்திய நாள் முன்னால் வந்து நிற்பதைப் பெரும்பாலான அட்டவணைகளில் அனுமதிக்கக் கூடாது. எனவே பிழைகளின் எண்ணிக்கையைப் பரப்புக்கு வெளியே ஓரிடத்தில் காட்டி வைப்பது நல்லது.

```
=SUMPRODUCT(--ISERROR(B2:E7))
```

இது 0 காட்டும்வரை கவலையில்லை. வேறு எண் காட்டினால், முடிவு நெடுவரிசையை நம்புவதற்கு முன் அந்தக் கட்டங்களைச் சரிசெய்ய வேண்டும்.

## புதிய பதிப்புகளில் ஒரே சூத்திரம்

மேலே சொன்னவை அனைத்தும் புரிந்தபின், மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2021 உள்ளவர்கள் `XLOOKUP` கொண்டு இடம், மதிப்பு, இல்லாத நிலை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் முடிக்கலாம்.

```
=XLOOKUP(TRUE,TRIM(SUBSTITUTE(B2:E2,UNICHAR(160),""))<>"",B2:E2,"")
```

சோதனை அதே சோதனைதான். முதல் TRUE கிடைக்கும் இடத்துக்கு நேரான மதிப்பு B2:E2-இலிருந்து வருகிறது, எதுவும் கிடைக்காவிட்டால் கடைசியில் உள்ள `""` வருகிறது. மூன்றாவது உறுப்பை `$B$1:$E$1` என்று மாற்றினால் மூல நெடுவரிசையின் தலைப்பு கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இல் `BYROW` கொண்டு இதை எல்லா வரிசைகளுக்கும் ஒருசேர இயக்கவும் முடியும்.

```
=BYROW(B2:E7,LAMBDA(r,XLOOKUP(TRUE,TRIM(SUBSTITUTE(r,UNICHAR(160),""))<>"",r,"")))
```

இந்த ஒரே சூத்திரம் கீழே ஆறு கட்டங்களுக்கும் விடைகளைப் பரப்பும். பரவ வேண்டிய கட்டங்களில் ஏற்கனவே ஏதாவது இருந்தாலோ, சூத்திரத்தை எக்செல்லின் Table அமைப்புக்குள் எழுதினாலோ #SPILL! என்ற பிழை வரும். Table பயன்படுத்துபவர்கள் வரிசைக்கு ஒரு சூத்திரம் என்ற முந்தைய வடிவத்தையே வைத்துக்கொள்ள வேண்டும்.

## முன்னுரிமை வரிசை வேறாக இருக்கும்போது

இதுவரை எழுதிய எல்லாச் சூத்திரங்களும் இடமிருந்து வலமாக முன்னுரிமை குறைகிறது என்ற அடிப்படையில் அமைந்தவை. நெடுவரிசைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதும் அவற்றின் நிபந்தனை. உங்கள் அட்டவணையில் நம்பகமான நாள் E-யிலும், அடுத்தது B-யிலும், அதற்கடுத்தது D-யிலும் இருந்து, நெடுவரிசைகளை இடம் மாற்றவும் அனுமதியில்லை என்றால், எக்செல் 2019 முதல் உள்ள `IFS` எளிய தீர்வைத் தரும்.

```
=IFS(TRIM(E2)<>"",E2,TRIM(B2)<>"",B2,TRIM(D2)<>"",D2,TRUE,"")
```

எழுதிய வரிசையிலேயே நிபந்தனைகள் சோதிக்கப்பட்டு, முதலில் உண்மையாகும் நிபந்தனைக்குரிய கட்டம் விடையாகிறது. கடைசி TRUE எதுவும் பொருந்தாத நிலைக்கானது. அதை விட்டுவிட்டால் எல்லாம் காலியான வரிசையில் #N/A வரும். பழைய பதிப்புகளில் ஒன்றுக்குள் ஒன்றாக `IF` எழுதி இதே பயனைப் பெறலாம். மூன்று நான்கு நெடுவரிசைகள் வரை இந்த வழி வாசிக்கவும் எளிது. பத்து நெடுவரிசைகளுக்கு இதை எழுதத் தொடங்கினால் ஒரு முகவரியைத் தவறாக அடித்தாலும் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், அங்கே நெடுவரிசைகளைச் சரியான வரிசையில் தொகுத்த தனித் தாள் ஒன்றை அமைத்துக்கொண்டு `MATCH` வழிக்குத் திரும்புவது மேல்.

பின்னாளில் புதிய நாள் நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும்போது அதை B-க்கும் E-க்கும் நடுவே செருகினால், சூத்திரங்களில் உள்ள பரப்பு தானாகவே விரிந்துகொள்ளும். B-க்கு முன்போ E-க்குப் பின்போ செருகினால் விரியாது. புதிய நெடுவரிசையில் நாள்களை எழுதியபிறகும் முடிவு மாறாமல் இருப்பதே அதற்கான அறிகுறி. அப்போது, ஒரு நெடுவரிசை வலப்புறம் நகர்ந்து G2-இல் நிற்கும் இடச் சூத்திரத்தின் பரப்பையும், அதனுடன் தவறாமல் H2, I2 ஆகியவற்றில் உள்ள பரப்புகளையும் ஒரே அளவுக்கு நீட்டி, மீண்டும் கீழே நிரப்ப வேண்டும். மூன்றில் ஒன்றின் பரப்பு மட்டும் வேறு கட்டத்தில் தொடங்கினால், இட எண் சரியாக இருந்தும் பக்கத்து நெடுவரிசையின் மதிப்பு வந்து நிற்கும்.